இன்டர்னின் கணக்கில் திருட என்ன இருக்கிறது?

புதிதாகச் சேரும் இன்டர்னுக்குச் சில நாட்களிலேயே நிறுவனத்தின் மின்னஞ்சல் கணக்கு, ஒரு லேப்டாப், குழுவின் பகிர்வு டிரைவைத் திறக்கும் அனுமதி எல்லாம் கிடைத்துவிடும். ‘ரகசியம் எதுவும் என்னிடம் இல்லையே, என் கணக்கில் திருட என்ன இருக்கிறது?’ என்று அவர் நினைப்பது இயல்பு. 2022 செப்டம்பரில் உபர் நிறுவனத்தில் நடந்த ஊடுருவல் இதற்குப் பதில் சொல்கிறது. அங்கே ஹேக்கர் நுழைந்தது உயரதிகாரியின் கணக்கு வழியாக அல்ல, ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கணக்கு வழியாக. அவருடைய சொந்தக் கருவியில் தீநிரல் புகுந்து அலுவலகப் பாஸ்வேர்டு கசிந்திருக்க வேண்டும், அதை ஹேக்கர் இணையத்தின் கள்ளச்சந்தையில் வாங்கியிருக்கலாம் என்பது நிறுவனத்தின் கணிப்பு. பாஸ்வேர்டு கையில் இருந்தும் உடனே நுழைய முடியவில்லை. ஒவ்வொரு முயற்சியின்போதும் ஊழியரின் செல்போனில் ‘அனுமதிக்கலாமா?’ என்ற கேள்வி வந்தது. அவர் அனுமதிக்காதவரை கதவு திறக்கவில்லை. கேள்வி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை ‘சரி’ என்று அழுத்திவிட்டார். ஐ.டி. பிரிவிலிருந்து பேசுவதாக வாட்ஸ்அப்பில் சொல்லி அவரை நம்பவைத்தேன் என்று ஹேக்கர் பின்னர் கூறினார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. உள்ளே வந்த ஹேக்கர், அலுவலக நெட்வொர்க்கில் பகிர்ந்து வைக்கப்பட்டிருந்த ஒரு ஃபோல்டரைத் துழாவியதாகவும், அங்கிருந்த பவர்ஷெல் நிரல் ஒன்றில் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருந்ததாகவும் சொன்னார். மற்ற பாஸ்வேர்டுகளைக் காத்துவைக்கும் மென்பொருளின் திறவுகோலாம் அது. வேறு ஊழியர்களின் கணக்குகளுக்கும் அவர் தாவி, ஜிசூட், ஸ்லாக் போன்றவற்றில் உயர் அனுமதிகளைப் பெற்றார் என்பதை நிறுவனமே அறிவித்தது. ஆக, சிறிய கணக்கின் மதிப்பு அதற்குள் இருப்பதில் இல்லை. அங்கிருந்து எதையெல்லாம் பார்க்க முடியும் என்பதில் இருக்கிறது. பகிர்வு டிரைவில் தேடும் வசதி இன்டர்னுக்கு எப்படி வேலை செய்கிறதோ, அவர் கணக்கில் நுழைந்தவனுக்கும் அப்படியே வேலை செய்யும்.

பகிர்வு டிரைவில் பாஸ்வேர்டு வந்து சேர்வதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமாக இருப்பதில்லை, அவசரம்தான் காரணம். தினசரி அறிக்கை எடுக்க ஒரு சின்ன நிரல் எழுதும் இன்டர்ன், அது ஓடினால் போதும் என்று கீழே உள்ள முதல் வரியைப் போல எழுதிவிடுகிறார். எழுத வேண்டியது இரண்டாவது வரி:

```
password = "Report@2024"
password = os.environ["DB_PASSWORD"]
```

இரண்டாவதில் பாஸ்வேர்டு நிரலுக்குள் இல்லை. ஓடும் கணினியின் அமைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. முதல் வரியை எழுதிப் பகிர்ந்தாகிவிட்டது என்றால் அதை அழிப்பது மட்டும் போதாது. கூகுள் டிரைவானாலும் கிட் ஆனாலும் பழைய பதிப்பு சேமிப்பில் இருக்கும். அந்தப் பாஸ்வேர்டையே மாற்றச் சொல்ல வேண்டும்.

‘அதனால்தான் கடினமான பாஸ்வேர்டு வைத்திருக்கிறேனே’ என்று சிலர் சொல்லலாம். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஊகித்து நுழைபவனைத் தடுக்கும். ஆனால் தகவல் திருடும் தீநிரல் எதையும் ஊகிப்பதில்லை. பிரவுசர் சேமித்து வைத்திருப்பதை அள்ளிச் செல்கிறது. தீநிரல் இல்லாமலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு கசியலாம் என்பதற்கு 2022இல் சிஸ்கோ நிறுவனத்தில் நடந்தது சான்று. அங்கே ஊழியர் ஒருவரின் சொந்த கூகுள் கணக்கைத்தான் முதலில் பிடித்தார்கள். அலுவலகப் பாஸ்வேர்டு பிரவுசர் வழியாக அந்தக் கணக்கில் போய்ச் சேமிப்பாகியிருந்தது. பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும் இங்கே பயனில்லை. தீநிரல் குக்கிகளையும் எடுத்துச் செல்வதால், ஏற்கெனவே உள்நுழைந்த நிலையிலேயே, செல்போனில் எந்தக் கேள்வியும் வராமல் திருடனால் நுழைந்துவிட முடியும். எனவே அலுவலக லேப்டாப்பின் பிரவுசரில் சொந்தக் கணக்கைச் சேர்க்காதீர்கள். வீட்டுக் கணினியில் அலுவலகக் கணக்கைத் திறக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை நிறுவனம் தந்த பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள். சந்தேகம் வந்தால், தொற்று இல்லாத வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, திறந்திருக்கும் எல்லா அமர்வுகளையும் வெளியேற்றச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் நிறுவனம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. களைத்துப்போய் ‘சரி’ அழுத்தும் ஊழியரை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு மோசமான ஏற்பாடுதான். திரையில் தெரியும் எண்ணைச் செல்போனில் தட்டச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023இல் தன் ஆத்தென்டிகேட்டர் செயலியில் கட்டாயமாக்கியதற்கு இத்தகைய தாக்குதல்களே காரணம். ஆனால் போனில் பேசி அந்த எண்ணையும் தட்டவைக்க முடியும். நீங்கள் உள்நுழையாத நேரத்தில் அனுமதி கேட்டு அறிவிப்பு வந்தால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்று பொருள். மறுத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடாமல் ஐ.டி. பிரிவுக்கு உடனே சொல்லுங்கள். தவறி அழுத்திவிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள்; சில நிமிடங்களில் தெரிந்தால் அந்த ஒரு கணக்கை முடக்கினாலே போதுமானதாக இருக்கலாம். வந்த செய்தியில் இருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஐ.டி. பிரிவின் சரியான எண்ணைக் கேட்டு, லேப்டாப்பில் அல்லாமல் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.