பாறையில் கண்ட கதை

பனிச்சிறுத்தையை நேரில் படம்பிடிக்க மாதக்கணக்கில் காத்திருந்தாலும் மலைச்சரிவில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். 2016-இல் வெளியான ‘பிளானட் எர்த் 2’ தொடருக்காக லடாக்கில் படக்குழுவினர் ஒரு வழி கண்டார்கள். செஞ்சிப் பக்கம் பாறைகள் நிற்குமே, அப்படித் துருத்தி நிற்கும் பாறைகளில்தான் பனிச்சிறுத்தை சிறுநீர் தெளித்து, கன்னத்தைத் தேய்த்து வாசனை விட்டுப் போகும். அடுத்த சிறுத்தையும் முகர்ந்து பார்க்க அங்கேயே வரும். அந்தப் பாறைகளுக்கு எதிரே, அசைவு தெரிந்தால் தானாக ஓடும் கேமராக்களை வைத்துவிட்டு ஆட்கள் விலகிக்கொண்டார்கள்.

பதிவில் எதிர்பாராத ஒன்று இருந்தது. குட்டியோடு வந்த தாய், இரண்டு ஆண் சிறுத்தைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. இதை முன்கூட்டியே யார் எழுதி வைக்க முடியும்? அதனால்தான் வர்ணனை கடைசியில் வருகிறது. படத்தைத் தொகுத்து, ஒவ்வொரு காட்சியும் எத்தனை வினாடி என்று முடிவான பிறகு, அந்த இடைவெளிக்குள் அடங்கும்படி எழுதுகிறார்கள். உறுமல் கேட்கும் இடத்தில் எழுத்தாளர் ஒரு வார்த்தையும் எழுதமாட்டார். கண்ணுக்குத் தெரிவதையும் சொல்லமாட்டார். அந்தப் பாறையைச் சிறுத்தை ஏன் முகர்கிறது என்பதைத்தான் சொல்வார்.