விலைச் சரிவும் நிலச்சரிவும்

2024 ஜூலை 30. விடிவதற்கு முன்பே வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. நமக்கு அது ஆடி மாதம். ஒரு ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்துக்கான ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளை முந்தைய வாரமே எழுதி ஷெட்யூல் செய்துவிட்டார்கள். காலை 10 மணிக்கு ‘ஆடி விலைச் சரிவு!’, மாலை 6 மணிக்கு ‘தள்ளுபடி வெள்ளம்!’ எழுதிய நாளில் குற்றமில்லாத வரிகள்தான். ஆனால் அன்று காலை அதைப் பார்ப்பவருக்கு, அது போன வாரம் எழுதியது என்று யார் சொல்வார்கள்?

பிரிட்டனின் டெஸ்கோ இதில் மாட்டியிருக்கிறது. அதன் மாட்டிறைச்சி பர்கரில் குதிரை இறைச்சி கலந்திருந்தது 2013 ஜனவரியில் தெரியவந்தது. அதே வாரம் ஓர் இரவு, ‘தூங்கப் போகிறோம்’ என்பதை வைக்கோலில் சாயப்போவதாகச் சொல்லும் ஆங்கில வழக்கில் டெஸ்கோவின் ட்விட்டர் பதிவு வந்தது. குதிரையை வைத்துக் கிண்டலா என்று கொதித்தார்கள். செய்தி வருவதற்கு முன்பே ஷெட்யூல் செய்தது என்று விளக்கி டெஸ்கோ மன்னிப்புக் கேட்டது.

நிறுத்துவது ஒரே பொத்தானில் முடிவதில்லை. பதிவுகளின் வரிசையை நிறுத்தினாலும், காசு கட்டிய விளம்பரங்கள் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றை விளம்பரக் கணக்குக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும். வாட்ஸ்அப், மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றும் வேறு இடத்தில் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முதலில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எது போகலாம் என்று பிறகு நிதானமாகப் பாருங்கள். மருத்துவமனையின் அவசர எண், கடை மூடியிருக்கும் தகவல் போன்றவை போகத்தான் வேண்டும். உலகத்தின் எல்லாத் துயரத்துக்கும் வாயை மூட வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறாரா, உங்கள் வரி அதன்மேல் போய் இடிக்கிறதா என்ற இரண்டைப் பார்த்தால் போதும்.

அடுத்தது தொனி. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் 3 பேர் இறந்தார்கள். மறுநாள் எபிக்யூரியஸ் என்ற சமையல் தளம், பாஸ்டனுக்கு மரியாதையாக ஸ்கோன் செய்து சாப்பிடலாமே என்று ட்வீட் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டது. இதை ஷெட்யூலின் மேல் பழிபோட முடியாது. இரங்கல் சொன்னால் அதில் பொருளும் விலையும் வரக்கூடாது. உங்கள் லோகோவைப் பெரிதாகப் போட்ட கறுப்புப் படமும் விளம்பரம்தான். சொல்ல எதுவும் இல்லையென்றால் சும்மா இருப்பதே மேல்.

மறுபடி தொடங்கும்போது நின்றதை அப்படியே ஓடவிடாதீர்கள். நேரம் கடந்த பதிவுகள் சில மென்பொருளில் அடுத்த நேரத்துக்குத் தள்ளிப்போகும். சிலவற்றில் நாமே மறுபடி நேரம் குறிக்க வேண்டும். எப்படியானாலும் ஒவ்வொன்றையும் படித்து, ‘சரிவு’, ‘வெள்ளம்’, ‘அதிரடி’ போன்ற சொற்களை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

விடியற்காலை 5 மணிக்குச் செய்தி வந்தால், பாஸ்வேர்டு தெரிந்து உடனே நிறுத்தக்கூடியவர் யார்? அந்தப் பெயரை இன்றே முடிவு செய்துவிடுங்கள்.