ஏடிஎம்மில் பணம் வரவில்லை: புதியவர்கள் பேசிப் பழகும் ஒரு காலை

பயிற்சி அறையில் வாடிக்கையாளராகப் பேசப்போகிறவர் கையில் ஒரு சீட்டு. ‘உங்களுக்கு வயது 58. எட்டாம் தேதி மாலை வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் கேட்டீர்கள். பணம் வரவில்லை. கணக்கில் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. இன்று ஒன்பதாம் தேதி, போன் செய்கிறீர்கள்.’ இதற்குக் கீழே கோடு போட்டு இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ‘நாளை மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.’ ‘கார்டு விவரம் கேட்டதும் பின் நம்பரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்குங்கள்.’

அழைப்பை ஏற்கப்போகும் புதியவருக்கு இந்தச் சீட்டில் ஒரு வரிகூடத் தெரியாது. கால் சென்டர்களில் ‘மாக் கால்’ என்று சொல்லப்படும் இந்த ஒத்திகையின் உயிரே இந்த மறைவில்தான் இருக்கிறது. என்ன பிரச்சினை என்று இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தால், ஒருவர் கேட்கவும் மற்றவர் ஒப்பிக்கவும் செய்வார்கள். உண்மையான அழைப்பில் பாதி வேலை, எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது. அதைத்தான் பழக வேண்டும்.

ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒன்பது பேர் கொண்ட புதிய பேட்ச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கான முதல் ரோல் பிளே அமர்வை ஒரு காலைப் பொழுதுக்குள் நடத்திவிடலாம். ஒன்பதரை முதல் பத்து மணி வரை விதிமுறைகளும், பெயர் விவரங்கள் நீக்கப்பட்ட ஓர் உண்மை அழைப்பின் ஒலிப்பதிவும். பிறகு மூன்று மூன்று பேராகப் பிரிகிறார்கள்: ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் அழைப்பை ஏற்பவர், ஒருவர் கவனிப்பவர். சீட்டைப் படிக்க இரண்டு நிமிடம், அழைப்புக்கு ஐந்து, குறிப்பெழுத இரண்டு, கருத்துச் சொல்ல ஐந்து, அதே அழைப்பை மறுபடி பேச ஐந்து. ஒரு முறைக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். பங்கு மாறி மாறி மூவரும் பேசி முடிக்க ஒரு மணி நேரம். தேநீருக்குப் பிறகு புதிய சீட்டுகளுடன் இன்னொரு சுற்று.

பேசுகிற இருவரும் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். முகம் பார்த்துப் பேசினால் தலையாட்டலும் சிரிப்பும் வேலையைச் சுலபமாக்கிவிடும். போனில் அவை கிடைக்காது. குரல் மட்டும்தான் இருக்கிறது என்பதை முதல் நாளே காது உணர வேண்டும்.

பயிற்சி தருபவருக்குச் சட்டம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வாடிக்கையாளருக்குச் சேரும். அதை அவர் கேட்டுப் பெற வேண்டியதில்லை, வங்கியே வரவு வைக்க வேண்டும். இந்த ஐந்து நாளும் நாள்காட்டி நாட்கள். எட்டாம் தேதி கழிந்த பணம் பதின்மூன்றாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். பதினேழாம் தேதிதான் வந்தது என்றால் நான்கு நாள் தாமதத்துக்கு 400 ரூபாய்.

புதியவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘ஒர்க்கிங் டேஸ்’ என்ற சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. வாடிக்கையாளர் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் நடந்திருந்தால் அதை மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் வந்த வேறொரு வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரே வாரத்தில் இரண்டையும் படித்தவர்கள் ஒன்றின் கணக்கை இன்னொன்றில் போட்டுவிடுகிறார்கள். நடுவில் ஞாயிறும் ஒரு பண்டிகை விடுமுறையும் வந்தால், இந்த ஒரு சொல்லால் வாடிக்கையாளர் தமக்குரிய உரிமையைத் தெரியாமலேயே இரண்டு நாள் தள்ளிப்போடுவார்.

முதல் முறை அழைப்பு பெரும்பாலும் இப்படி ஓடுகிறது.

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் மேடம்.”

“சரிப்பா, பணம் எப்ப வரும்?”

“கம்ப்ளெயிண்ட் போட்டுடறேன் மேடம். அஞ்சு ஒர்க்கிங் டேஸ்ல கிரெடிட் ஆயிடும்.”

“அப்படின்னா எந்தத் தேதி?”

“அஞ்சு ஒர்க்கிங் டேஸ் மேடம்.”

“அந்த மெஷின் வேற பேங்க்தாம்ப்பா. அங்க போய்க் கேக்கணுமா?”

“லைன்ல இருங்க மேடம்.”

பிறகு அரை நிமிடத்துக்கும் மேலாக ஒரு சத்தமும் இல்லை. கால் சென்டர் மொழியில் இதற்கு ‘டெட் ஏர்’ என்று பெயர். எதிர்முனையில் அந்த அம்மா “ஹலோ, ஹலோ” என்கிறார்.

கவனிப்பவர் இந்த நேரத்தில் என்ன எழுதுகிறார் என்பதில்தான் அமர்வின் பயன் தங்கியிருக்கிறது. ‘நம்பிக்கை குறைவு’, ‘பரவாயில்லை’, ‘இன்னும் கனிவு தேவை’ என்று எழுதினால் எவருக்கும் எதுவும் கிடைக்காது. அவர் எழுத வேண்டியது பேசப்பட்ட வார்த்தைகளை, அப்படியே. “எப்ப வரும்?” என்ற கேள்வியை வாடிக்கையாளர் இரண்டு முறை கேட்டார்; இரண்டு முறையும் ஒரே பதில் கிடைத்தது. ஒரே கேள்வி திரும்ப வந்தால் முதல் பதில் போய்ச் சேரவில்லை என்று பொருள். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் வேறு எதையும் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனிப்பார்கள்.

கருத்துச் சொல்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஆவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெநிசி என்ற இரு ஆய்வாளர்கள், பணி பற்றிய பின்னூட்டம் குறித்து அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் வேலை முன்பைவிட மோசமானது. கவனம் செய்கிற வேலையிலிருந்து நகர்ந்து ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதை நோக்கித் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பையனிடம் எட்டுப் பேர் முன்னிலையில் “உனக்குப் பொறுமையே இல்லை” என்று சொன்னால், அடுத்த அழைப்பில் அவன் அந்த அம்மாவின் குரலைக் கேட்கமாட்டான். தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் கருத்து மூவருக்குள்ளேயே நடக்க வேண்டும், பேசிய வாக்கியத்தைப் பற்றியே இருக்க வேண்டும்.

ஒழுங்கு இதுதான். முதலில் பேசியவரே சொல்கிறார்: எந்த இடத்தில் தடுமாறினேன். அடுத்து வாடிக்கையாளராக இருந்தவர்: “தேதி கேட்டேன், கிடைக்கவில்லை, சத்தமே இல்லாதபோது லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.” அதன் பிறகே கவனித்தவர் தம் குறிப்பை வாசிக்கிறார். கடைசியில் மூவரும் சேர்ந்து திருத்த வேண்டிய ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த அழைப்பில் அது: ‘நாட்கணக்கு சொல்லாமல் தேதியைச் சொல்ல வேண்டும்.’ தரச் சோதனைப் பட்டியலில் பத்துப் பதினைந்து இனங்கள் இருக்கலாம். அத்தனையையும் அடுக்கினால் மறுமுறை பேசும்போது ஒன்றுகூட நினைவில் நிற்காது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. அந்த அம்மா பின் நம்பரைச் சொல்லத் தொடங்கியபோது பேசியவர் உடனே குறுக்கிட்டுத் தடுத்தாரா? தடுக்கவில்லை என்றால் மற்ற எல்லாம் ஒத்திவைக்கப்படும். முதலில் திருத்த வேண்டியது அதுதான். “அம்மா, நிறுத்துங்க. பின் நம்பர் யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்ககிட்டயும் வேண்டாம்” என்று அவர் பேச்சை வெட்டியே சொல்லலாம். வாடிக்கையாளரின் பேச்சில் குறுக்கிடக் கூடாது என்று கற்றுத் தரப்பட்டவர்கள், அந்த மரியாதையாலேயே நான்கு எண்ணும் வந்து விழும்வரை காத்திருந்துவிடுகிறார்கள்.

பிறகு அதே சீட்டு, அதே அழைப்பு, மறுபடியும். நேரமில்லை என்று பல இடங்களில் இந்த மறுமுறையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாதது அதுதான். கருத்தைக் கேட்டுத் தலையசைப்பதற்கும், அதை வாயால் சொல்லிப் பார்ப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

“எட்டாம் தேதி நடந்ததும்மா. மெஷின் கணக்குலயும் பணம் வெளிய வரலைன்னு இருந்தா, பதிமூணாம் தேதிக்குள்ள உங்க கணக்குலயே திரும்பி வரணும். அதுக்கு மேல போனா ஒரு நாளைக்கு நூறு ரூபாய் நாங்க சேர்த்துத் தரணும்.”

“அந்த பேங்குக்குப் போகணுமாப்பா?”

“வேண்டாம்மா. கார்டு கொடுத்தது நாங்க, அதனால புகார் எங்ககிட்டதான். பதிமூணாம் தேதி வரைக்கும் இந்தப் பணம் இல்லாம சமாளிச்சுக்க முடியுமாம்மா?”

இந்த ஒரு கேள்வியில்தான் சீட்டின் அடியில் ஒளிந்திருந்த கல்லூரிக் கட்டணம் வெளியே வருகிறது. நாளைக்குள் பணம் வரும் என்று அழைப்பை ஏற்றவர் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. “நாளைக்கே வரும்னு சொல்ல என்னால முடியாதும்மா. புகார் எண்ணோட மெசேஜ் இப்பவே வரும், காலேஜ்ல அதைக் காட்டி ரெண்டு நாள் டயம் கேட்டுப் பாருங்க” என்று சொல்ல முடியும். மனம் இளகி “கண்டிப்பா வந்துடும்” என்று சொல்லிவிடுவது முதல் வாரத்தில் வெகு இயல்பாக நடக்கும். பதினான்காம் தேதி வேறொரு இருக்கையில் இருப்பவர் அந்த வாக்குக்குப் பதில் சொல்ல நேரும். வாடிக்கையாளராக நடிப்பவர் அந்தச் சொல்லைக் கேட்டால் மேசையில் ஒருமுறை தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

நடிப்பவரும் கெடுக்கக்கூடும். நண்பர்களைச் சிரிக்கவைக்கக் கத்தித் தீர்ப்பவர் ஒரு வகை; தோழன் மேல் இரக்கப்பட்டு உடனே “ரொம்ப நன்றி” என்று முடித்துவிடுபவர் இன்னொரு வகை. இரண்டிலும் பேசியவர் எதையும் பழகுவதில்லை. சீட்டிலேயே கோபத்துக்கு ஒரு காரணமும் அது தணிய ஒரு வழியும் எழுதிவைத்தால் இது குறையும்: ‘தெளிவாகத் தேதி சொன்னால் அமைதியாகுங்கள், காரணம் சொல்லாமல் ஹோல்டில் போட்டால் குரலை உயர்த்துங்கள்.’

ரோல் பிளேயால் தர முடியாதவையும் உண்டு. கணினித் திரை நகர மறுக்கும் அவதி, மாலை ஆறு மணிக்கு வரும் களைப்பு, முந்தைய அழைப்பில் வாங்கிய திட்டு மனதில் ஆறாமல் இருக்கும்போதே அடுத்த மணி ஒலிப்பது ஆகியவற்றை அந்த அறைக்குள் கொண்டுவர முடியாது. அதற்குத்தான் ‘நெஸ்டிங்’ காலம். புதியவர் உண்மையான அழைப்பை எடுக்க, மூத்தவர் ஒருவர் அதே இணைப்பில் கேட்டுக்கொண்டிருப்பார். வாடிக்கையாளருக்குக் கேட்காமல் புதியவரின் காதில் மட்டும் ஒரு சொல் எடுத்துக் கொடுப்பார். முதல் நாளே அங்கே அனுப்பி ‘தானாகக் கற்றுக்கொள்ளட்டும்’ என்று விடுவது நியாயமில்லை. அந்தக் கற்றலுக்கான விலையை, பணத்தைத் தொலைத்துவிட்டுப் பதற்றத்தோடு அழைப்பவர்கள்தான் கொடுக்க நேரும்.

அமர்வின் கடைசி முக்கால் மணி நேரத்தில் ஒன்பது பேரும் சேர்ந்து, அன்று பதிவான அழைப்புகளில் ஒன்றைப் பேசியவரின் சம்மதத்தோடு கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் இட்டு, பிறகு ஒப்பிடுகிறார்கள். ஒருவர் எட்டும் இன்னொருவர் நான்கும் போட்டிருந்தால் ‘நல்ல பதில்’ எது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. அங்கே நின்று பேச வேண்டும். மறுநாள் காலை ஒவ்வொருவருக்கும் புதிய சீட்டு. ஒருவருக்குக் கடையில் யுபிஐ மூலம் செலுத்தித் தோற்ற பணம், இன்னொருவருக்குத் தாம் செய்யாத பரிவர்த்தனை. முந்தைய நாள் தேர்ந்தெடுத்த அந்த ஒரு திருத்தம் புதிய பிரச்சினையிலும் தங்கியிருக்கிறதா என்று மட்டும் கவனிப்பவர் குறித்துக்கொள்கிறார். தங்கியவர்கள் நெஸ்டிங்குக்குப் போகலாம். பின் நம்பரைத் தடுக்கத் தவறியவர்கள் அந்தச் சீட்டை இன்னொரு முறை பேசிய பிறகு போகலாம்.