துண்டில் எழுதினால் முழுதிலும் விழும்

கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, வினோத் நாயர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகியோர் தொகுத்த ஒரு படத்தொகுப்பு 2009 முதல் கணினிப் பார்வை கற்போரின் பயிற்சிக்களமாக இருக்கிறது. ஸிஃபார்-10 என்று பெயர். விமானம், பூனை, தவளை, லாரி என 10 வகைகளில் 60,000 வண்ணப் படங்கள். ஒவ்வொன்றும் 32 வரிசை, 32 பத்தி கொண்ட குட்டிச் சதுரம். நம்பை, பைடார்ச் ஆகிய நிரல் நூலகங்களைக் கற்பவர்கள் பலர் எண்களைத் துண்டுபோடப் பழகுவது இந்தப் படங்களில்தான்.

கணினிக்குப் படம் என்று எதுவும் தெரியாது. அதற்கு எல்லாம் 0 முதல் 255 வரையிலான எண்கள்தான். ஸிஃபார் கோப்பில் ஒரு படத்துக்கு 3,072 எண்கள் உண்டு. முதல் 1,024 எண்கள் அந்தப் படத்தின் சிவப்பு, அடுத்த 1,024 பச்சை, கடைசி 1,024 நீலம். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் மேல்வரிசையில் தொடங்கி இடமிருந்து வலமாக எண்கள் வரும். இந்த நிற அடுக்குகளைத்தான் சானல் என்கிறார்கள். ஒரு கோப்பில் 10,000 படங்கள். நினைவகத்தில் அவை ஒரே நீளச் சரமாகக் கிடக்கின்றன.

அந்தச் சரத்தை நான்கு அச்சுகளாகப் பார்க்கச் சொல்வது முதல் வரி. துண்டு எடுப்பது அடுத்த மூன்று.

```python
x = raw.reshape(10000, 3, 32, 32)
b = x[0:64]
g = b[:, 1]
p = b[:, :, 8:24, 12:28]
```

எண்ணிக்கை 0-இல் தொடங்கும். முடிவாகக் கொடுக்கும் எண் சேராது. ஆகவே `b` என்பது முதல் 64 படங்களின் தொகுதி. `g` அந்த 64-இன் பச்சைச் சானல் மட்டும். `p` எல்லாப் படங்களிலும் எல்லா நிறங்களிலும் 8 முதல் 23 வரையிலான வரிசைகள், 12 முதல் 27 வரையிலான பத்திகள்: 16-க்கு 16 சதுரம். தனியாக நிற்கும் முக்காற்புள்ளிக்கு ‘இந்த அச்சில் எல்லாமே’ என்று பொருள். வரிசை முன்னே, பத்தி பின்னே. வரைபடத்தில் x முதலில், y அடுத்து என்று பழகியவர்கள் இங்கே இடம் மாற்றிவிடுவார்கள். பிழைச்செய்தியும் வராது. வேறோர் இடத்துத் துண்டுதான் கைக்கு வரும்.

எந்த அச்சு நிறம், எந்த அச்சு வரிசை என்பதும் நம் மனத்தில்தான் இருக்கிறது. நிறத்தைக் கடைசி அச்சாக வைத்த அணியில் `b[:, 1]` என்று கேட்டால், பச்சைக்குப் பதிலாக ஒவ்வொரு படத்தின் இரண்டாவது வரிசை வந்து நிற்கும். வடிவத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: (64, 32, 32) வர வேண்டிய இடத்தில் (64, 32, 3). முதல் வரியிலேயே `reshape(10000, 32, 32, 3)` என்று தவறாக எழுதுபவர்களும் உண்டு. வரைந்து பார்த்தால் ஒரு படம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒன்பது குட்டிப் படங்கள், மூன்றுக்கு மூன்றாக நிற்கும். மேல்பட்டை முழுக்கச் சிவப்புச் சானலின் எண்கள், நடுவில் பச்சையின் எண்கள், கீழே நீலத்தினுடையவை. இதை ஒருமுறை பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

இவ்வளவு வெட்டியும் ஓர் எண்கூட இடம்பெயரவில்லை. நம்பை செய்வதெல்லாம் எங்கே தொடங்குவது, ஒவ்வோர் அச்சிலும் எத்தனை, அடுத்ததற்கு எவ்வளவு தாவுவது என்று குறித்துக்கொள்வதுதான். அடுத்த படத்துக்கு 3,072 தாவல், அடுத்த நிறத்துக்கு 1,024, அடுத்த வரிசைக்கு 32, அடுத்த பத்திக்கு 1. எண் 5 படத்தின் பச்சையில் 8-ஆம் வரிசை, 12-ஆம் பத்தி வேண்டுமா? 15,360 + 1,024 + 256 + 12 = 16,652. சரத்தில் அந்த இடத்தில் அது இருக்கும். `p`-க்கும் இதே தாவல்கள்தான். தொடக்கம் மட்டும் 268 இடம் தள்ளி. பக்கத்தின்மீது ஓட்டை போட்ட அட்டையை வைத்தால் அந்தச் சதுரம் மட்டும் தெரியுமே, அப்படி. ஓட்டை வழியே பேனா வைத்தால் எழுத்து பக்கத்தில்தான் விழும்.

அது எங்கே கடிக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் கட்அவுட். 2017-இல் டெரன்ஸ் டெவ்ரீஸ், கிரஹாம் டெய்லர் இருவரும் முன்வைத்த பயிற்சிமுறை இது. ஒவ்வொரு முறையும் படத்தில் ஏதோ ஓர் இடத்தில் ஒரு சதுரத்தை மறைத்துவிட்டுக் காட்டினால், பூனையின் முகத்தை மட்டுமே நம்பாமல் வால், உடல் எல்லாவற்றையும் மாதிரி பார்க்கக் கற்கும். ஸிஃபார்-10-க்கு அவர்கள் வைத்த அளவு 16-க்கு 16.

இதை ஒருவர் `img = x[i]` என்று எடுத்து, `img[:, 8:24, 12:28] = 0` என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கறுப்புச் சதுரம் மூலத் தரவிலேயே விழுந்துவிட்டது. அடுத்த சுற்றில் அதே படத்தில் இன்னொரு சதுரம், அதற்கடுத்த சுற்றில் மற்றொன்று. ஒரு சுற்றுக்குச் சராசரியாகப் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு மறைவதால், பத்துச் சுற்றுக்குள் பெரும்பாலான படங்கள் ஏறக்குறைய கறுத்துவிடும். பயிற்சி முன்னேற முன்னேறப் பிழை குறைவதற்குப் பதில் ஏறும். ஆளோ கற்கும் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்! சோதிப்பது எளிது: ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் `x.sum()` எவ்வளவு என்று பாருங்கள். மாறியிருந்தால் மூலம் கெட்டுவிட்டது. நம்பையில் `x[i].copy()`, பைடார்ச்சில் `x[i].clone()` என்று எழுதினால் தீர்ந்தது.

குழப்பம் என்னவென்றால், `x[[3, 17, 42]]` என்று படங்களின் எண்களைப் பட்டியலாகக் கொடுத்தால் இரு நூலகங்களும் தாமாகவே நகல் எடுத்துத் தரும். சிதறிய எண்களுக்குச் சீரான தாவல் கிடையாது என்பதால் வேறு வழியில்லை. அதனால் கலைத்துப்போட்ட தொகுதியில் அதே நிரல் ஒழுங்காக ஓடும். `x[0:64]` என்றவுடன் தரவைக் கெடுக்கும்.

கட்அவுட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது, என் கணக்கில் இதுதான் மோசம். சதுரத்தின் நடுப்புள்ளி படத்தில் எங்கும் விழலாம். ஓரத்தில் விழுந்தால் சதுரத்தின் ஒரு பகுதி வெளியே போகும், அது முறைப்படி சரிதான். கீழ் ஓரத்தில் 22:38 என்று கேட்டால் நூலகம் 32-லேயே நிறுத்திக்கொள்ளும். நாம் விரும்பியதும் அதுவே. மேல் ஓரத்தில் கதை வேறு. நடு வரிசை 3 என்றால் துண்டு -5:11. குறை எண்ணைக் கடைசியிலிருந்து எண்ணுவது வழக்கமாதலால் அது 27:11 ஆகிறது. 27-இல் தொடங்கி 11-க்கு முன் முடியும் துண்டில் எதுவும் இருக்காது. வெற்றுத் துண்டில் 0-வை எழுதினால் பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, சதுரமும் இல்லை.

எத்தனை படங்கள் தப்பிக்கும்? நடுப்புள்ளியின் வரிசை 0 முதல் 7-க்குள் விழுந்தால் கோளாறு. 32-இல் 8, அதாவது கால்வாசி. பத்திக்கும் கால்வாசி. இரண்டும் சரியாக அமைவது 16-இல் 9 முறைதான். மீதி 7, ஏறக்குறைய 44 சதவீதம், மறைப்பே இல்லாமல் போகும். பயிற்சி நன்றாகவே ஓடுவதுபோல் தெரியும், ‘கட்அவுட் பெரிதாக உதவவில்லை’ என்று குறிப்பெழுதி முடித்தும்விடுவார்கள். திருத்தம் இரண்டே வரி:

```python
r0, r1 = max(0, r - 8), min(32, r + 8)
c0, c1 = max(0, c - 8), min(32, c + 8)
img[:, r0:r1, c0:c1] = 0
```

`min` இல்லாவிட்டாலும் ஓடும். `max` இல்லாவிட்டால் ஓடாது. நான் இரண்டையும் எழுதுவேன், பிறகு 16 படங்களைத் திரையில் வரைந்து கறுப்புச் சதுரங்களை எண்ணுவேன். 16 இருக்க வேண்டும். 9 அல்லது 10 மட்டும் தெரிந்தால் `max` எங்கோ விட்டுப்போயிருக்கிறது.