ஆண்டு விழாவுக்கு முன் படிக்க வேண்டிய காகிதம்

சென்னையில் 500 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம் டிசம்பரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு புல்வெளியில் ஆண்டு விழா நடத்தப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விழா ஏற்பாட்டாளர் தரும் திட்ட அறிக்கையின் முதல் பக்கங்களில் மேடையின் வண்ணப் படங்கள் இருக்கும். நிறுவனம் முதலில் பார்க்க வேண்டியது கடைசிப் பக்கங்களைத்தான்.

மொத்தச் செலவு 15 லட்சம் என்று கொள்வோம். சாப்பாட்டுக்கும், மேடை, ஒலி, ஒளி, எல்இடி திரைக்கும் தலா மூன்றரை லட்சம். இடத்துக்கு இரண்டரை. கலைஞர்களுக்கும் தொகுப்பாளருக்கும் இரண்டு. வீடியோ, ஜெனரேட்டர், பாதுகாப்பு, இசை உரிமக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒன்றேகால். ஏற்பாட்டாளரின் கட்டணமும் ஒன்றேகால். மிச்சம் ஒரு லட்சம் அவசரச் செலவுக்கு. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் பில் 17 லட்சத்து 70 ஆயிரமாகிவிடும். "வரி தனி" என்ற சிறிய எழுத்தைக் கவனிக்காமல் ஒப்புதல் வாங்கிய மனிதவள அதிகாரி, அந்த 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு எங்கே போவார்?

சாப்பாட்டுக் கணக்கிலும் பணம் கசியும். 500 பேர் அழைக்கப்பட்டாலும் எல்லோரும் வருவதில்லை. 420 இலைக்கு உறுதி கொடுத்து, அதற்கு மேல் வருபவர்களுக்கு அதே விலையில் 50 இலை வரை பரிமாற வேண்டும் என்று சமையல் ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்குவது நல்லது. இல்லையென்றால் யாரும் சாப்பிடாத 80 இலைக்கும் பணம் கட்ட வேண்டிவரும்.

ஒப்பந்தக்காரர் பட்டியலில் வெறும் பெயர்கள் இருந்தால் அது தொலைபேசிக் கையேடு மட்டுமே. யாருக்கு எவ்வளவு முன்பணம், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், வராவிட்டால் மாற்று ஆள் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "மழை வந்தால் மாற்று ஏற்பாடு செய்யப்படும்" என்ற ஒற்றை வரி அங்கே எதற்கும் உதவாது. மாற்று மண்டபம் எது, அதைப் பிடித்துவைக்க எவ்வளவு கட்டணம், இடம் மாற்றும் முடிவை யார், எப்போது எடுப்பார் என்பதெல்லாம் அறிக்கையில் வேண்டும். மேடை கட்டவே பல மணி நேரம் ஆகும். அதனால் முந்தைய நாள் மாலைக்குள் முடிவெடுத்துவிடுவதே பாதுகாப்பு. மழை இல்லாவிட்டாலும் கடற்காற்று பலமாக வீசினால் எல்இடி திரையைக் கீழே இறக்கியே ஆக வேண்டும்.

மின்சாரத்துக்கும் இதே கவனம் தேவை. திரைக்கும் ஒலிக்கும் ஒரே ஜெனரேட்டர் என்றால், ஒன்று நின்றதும் மைக்கும் சேர்ந்து அடங்கிவிடும். கூட்டத்தை அமைதிப்படுத்தக்கூட வழியிருக்காது. இரண்டையும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகச் சட்டம் அனுமதிப்பதில்லை. நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பாட்டு 9.45-க்கு முடிகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.