கண்டாங்கியை எழுத்தில் விரித்துக் காட்டுவது எப்படி?

கடைக்குப் போகிறவர் சேலையைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. முந்தானையைக் கசக்கிப் பார்ப்பார், வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார், சாயம் போகுமா என்று கேட்பார், பிளவுஸ் துணி இதிலேயே இருக்கிறதா என்பார். ஆன்லைனில் இதெல்லாம் நடக்காது. படம் நிறத்தையும் டிசைனையும் காட்டும். மற்றதற்கெல்லாம் படத்துக்குக் கீழே இருக்கும் நாலு வரிதான் பதில் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் பலர் எழுதுவதோ, "பாரம்பரிய அழகு, நேர்த்தியான தோற்றம், எல்லா விசேஷங்களுக்கும் ஏற்றது". எந்தச் சேலைக்கு அடியிலும் இதை ஒட்டிவிடலாம்.

காரைக்குடி கண்டாங்கியையே எடுத்துக்கொள்வோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பருத்திச் சேலை. பெரிய கட்டம், அகலமான கரை, அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர் பார்சலைப் பிரித்ததும் முதலில் முகம் சுளிப்பது அதன் விறைப்புக்குத்தான். விவரத்தில் "பூப்போல மென்மை" என்று எழுதியிருந்தால் அந்தச் சேலை நிச்சயம் திரும்பி வரும். கஞ்சி போட்ட பருத்தி முதலில் விறைப்பாகத்தான் இருக்கும், தோய்க்கத் தோய்க்க இளகும். இதை மறைக்க வேண்டியதே இல்லை. விறைப்பாக இருப்பதால்தான் கொசுவம் கலையாமல் நிற்கிறது. நாள் முழுக்க வேலைக்குக் கட்டிப்போகிற பெண்ணுக்கு அதுதானே வேண்டும்? உண்மையைச் சொல்லிவிட்டு, அது யாருக்கு உதவும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் விற்பனைப் பேச்சு தானாக வந்துவிடும்.

இரண்டாவது புகார் கட்டங்களைப் பற்றி வரும். நெடுக்கே ஓடும் கோடுகள் பாவிலேயே வரிசை போடப்பட்டவை, அதனால் இடைவெளி மாறாது. குறுக்குக் கோடுகள் ஊடை நூலால் வருபவை. நெசவாளரின் கை ஒவ்வொரு முறையும் எவ்வளவு அழுத்தி அடிக்கிறதோ அதைப் பொறுத்து, ஒரு கட்டம் இம்மி நீளும், அடுத்தது இம்மி குறுகும். கரையோரத்தில் சின்னச் சின்ன ஊசித் துளைகளும் தெரியலாம். நெய்யும்போது துணி அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முனைகள் பதிந்த தடம் அது. முன்கூட்டியே தெரியாதவருக்கு இரண்டும் பழுதாகத்தான் படும். ஆகவே விவரத்தில் ஒரு வரி எழுதி, அந்த இடத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்றும் போடுங்கள். ஆனால் நூல் அறுந்த இடத்தையும் சாயக் கறையையும் "கைத்தறியின் இயல்பு" என்று பூசி மெழுகக் கூடாது. அது பழுது, பழுது என்றே எழுதி விலையைக் குறைக்க வேண்டும்.

ஒரு மாதிரி விவரத்தைப் பார்க்கலாம். எண்களை மட்டும் உங்கள் சேலையை அளந்து, நிறுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

"காரைக்குடியில் கைத்தறியில் நெய்த கண்டாங்கி. பாவும் ஊடையும் முழுக்கப் பருத்தி, 60ஆம் நம்பர் நூல். அரக்கு உடலில் கடுகு மஞ்சள் கட்டம், இருபுறமும் 5 அங்குலக் கறுப்புக் கரை. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி கிடையாது. எடை 480 கிராம். உள்பாவாடை நிறம் வெளியே தெரியாது. முதலில் விறைப்பாக இருக்கும், சில தோய்ப்புக்குப் பின் இளகும். அரக்குச் சாயம் முதல் இரண்டு முறை கொஞ்சம் இறங்கும். தனியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசவும். படம் பகல் வெளிச்சத்தில் எடுத்தது."

இதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் வாங்குகிறவர் மனத்தில் சேலை விரிந்துவிடுகிறது. நூல் நம்பர் எல்லாருக்கும் புரியாது என்று தோன்றினால், எண் கூடக் கூட நூல் மெலியும் என்று பக்கத்திலேயே சொல்லிவிடலாம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறமாக நெய்த மயில்கழுத்துச் சேலை என்றால், திருப்பும் பக்கத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும் என்பதை எழுதாமல் விடவே கூடாது. "படத்தில் நீலம், வந்தது பச்சை" என்ற சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஊர்ப் பெயரில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வேறெங்கோ விசைத்தறியில் ஓட்டிய கட்டம் போட்ட சேலையை "செட்டிநாடு கைத்தறி" என்று விற்பது இன்று சர்வசாதாரணம். விசைத்தறிச் சேலை விற்பதில் தப்பில்லை, "விசைத்தறி" என்று எழுதி விற்க வேண்டும், அவ்வளவுதான். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்க முடியாது.