முகவரி கொடுக்க யாருக்கு உரிமை?

காலை ஒன்பதே முக்காலுக்கு முதல் போன் வந்தது. "அண்ணா, நெட் வரல." பத்து நிமிடத்தில் அதே மூன்றாம் மாடியிலிருந்து இன்னும் நாலு போன். ஓடிப்போய்ப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போய்க் காலையில் கொண்டுவந்த மடிக்கணினிகளில் இணையம் இல்லை. இரவு முழுக்க அணைக்காமல் விட்டிருந்த மேசைக் கணினிகளில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கேபிள் பழுது என்றால் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடிக்காது.

ஒரு மடிக்கணினியில் `ipconfig /all` என்று அடித்தேன். எங்கள் அலுவலகத்தில் எல்லா முகவரியும் 10.20.30 என்றுதான் தொடங்கும். இங்கே 192.168.0.104 என்று இருந்தது. கீழே `DHCP Server` என்ற வரியில் 192.168.0.1. எங்கள் சர்வரின் முகவரி அது இல்லை. யாரோ உள்ளே புகுந்து முகவரி விநியோகம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கணினி நெட்வொர்க்கில் பேச அதற்கு ஒரு ஐபி முகவரி வேண்டும். அதை வழங்கும் வேலைதான் டிஎச்சிபி. கல்யாண மண்டபத்துக்கு வந்து இறங்கும் வெளியூர் உறவினரை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று, "எனக்கு எந்த ரூம்?" என்று பொதுவாகக் கூவுகிறார். சாவிக்கொத்து வைத்திருக்கும் மாமா, "இந்த ரூம் இருக்கு, எடுத்துக்கறீங்களா?" என்கிறார். "சரி, அதையே கொடுங்க." "இந்தாங்க சாவி." இந்த நாலு வார்த்தைப் பரிமாற்றம்தான் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக். சாவியோடு, வெளியே போகும் வழி எது (கேட்வே), பெயர் சொன்னால் முகவரி சொல்பவர் யார் (டிஎன்எஸ்) என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கூவியவருக்கு மாமாவைத் தெரியாது. யார் முதலில் சாவி நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். கணினியும் பெரும்பாலும் முதலில் வரும் ஆஃபரையே ஏற்கிறது. நிஜமான சர்வர் சில சமயம், தரப்போகும் முகவரியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். வீட்டு ரவுட்டர் அப்படி எதுவும் பார்க்காமல் உடனே நீட்டிவிடும்.

இரவு முழுக்க ஓடிய கணினிகள் தப்பியதற்கும் காரணம் இதுதான். எங்கள் சர்வர் எட்டு மணி நேரக் குத்தகைக்கு முகவரி தருகிறது. பாதி நேரம், அதாவது நாலு மணி நேரம் ஆனதும் கணினி தனக்கு முகவரி தந்த சர்வரை நேராகவே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும், பொதுவில் கூவாது. வீட்டுக்குப் போன மடிக்கணினிகளின் குத்தகை இரவில் காலாவதியாகிவிட்டது. அவைதான் காலையில் வந்து கூவின.

அந்தப் போலி சர்வர் எங்கே இருக்கிறது? பாதிக்கப்பட்ட மடிக்கணினியில் `arp -a` அடித்து 192.168.0.1-இன் மேக் முகவரியை எடுத்தேன். ஸ்விட்சில் `show mac address-table` கட்டளையில் அதைத் தேடினால் அது எந்த போர்ட்டில் தெரிகிறது என்று காட்டிவிடும். பதினேழாம் போர்ட். அந்தக் கேபிள் போய் முடிவது மீட்டிங் அறைச் சுவரில். அங்கே மேசைக்கடியில் ஒரு வைஃபை ரவுட்டர். சிக்னல் சரியில்லை என்று யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். சுவர்க் கேபிளை வேன் துளையில் மாட்டியிருந்தால் அது தன் பாட்டில் இருந்திருக்கும். லேன் துளையில் மாட்டிவிட்டார். அதனால் அது எங்கள் மாடி முழுக்கச் சாவி கொடுக்கத் தொடங்கிவிட்டது. வெளியே போகும் வழி என்று தன்னையே காட்டியது. அதன் வேன் துளையோ காலி. வழி அங்கேயே முட்டி நின்றது.

இது அறியாமல் நடந்தது. வேண்டுமென்றே செய்பவர் தன் மடிக்கணினியையே கேட்வே என்று அறிவித்து, வருகிற போகிற எல்லாவற்றையும் தன் வழியாகத் திருப்பிவிட்டு வெளியே அனுப்புவார். இணையம் நிற்காது. அதனால் யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

இதற்கு மருந்து ஸ்விட்சிலேயே இருக்கிறது. பெயர் டிஎச்சிபி ஸ்நூப்பிங். யோசனை எளிது. சர்வர் எந்தத் திசையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்தத் திசையில் போகும் போர்ட்டை மட்டும் டிரஸ்டட் என்று குறிக்கிறோம். மற்ற எல்லாம் தானாகவே நம்பாத போர்ட்டுகள். நம்பாத போர்ட்டில் கணினி "முகவரி வேண்டும்" என்று கேட்கலாம். ஆனால் ஆஃபர், அக் போன்ற சர்வர் பேச்சு அங்கிருந்து வந்தால் ஸ்விட்ச் அந்த இடத்திலேயே தூக்கிப் போட்டுவிடும். அந்த போர்ட்டின் மற்றப் போக்குவரத்தை அது தொடாது. சிஸ்கோ ஸ்விட்சில் எழுதுவது இவ்வளவுதான்:

```
interface GigabitEthernet1/0/48
 ip dhcp snooping trust
exit
no ip dhcp snooping information option
ip dhcp snooping vlan 30
ip dhcp snooping
```

நாற்பத்தெட்டாம் போர்ட் சர்வர் பக்கம் போகும் அப்லிங்க். நடுவில் உள்ள `no` வரி, ஸ்விட்ச் ஒவ்வொரு கோரிக்கையிலும் தானாக ஒட்டும் ஆப்ஷன் 82 என்ற குறிப்பை நிறுத்துகிறது. அந்தக் குறிப்பைக் கண்டால் சில சர்வர்கள் கோரிக்கையையே தள்ளிவிடும்.

அப்லிங்க்கை முதலில் நம்பிவிட்டுக் கடைசியில் ஸ்நூப்பிங்கை இயக்கும் இந்த வரிசையை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாம் மாடி ஸ்விட்சில் ஸ்நூப்பிங்கை இயக்கிவிட்டு அப்லிங்க்கை நம்பச் சொல்ல மறந்துபோனேன். அப்போது ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரிடமும் பழைய முகவரி இருந்தது. நாலு மணி நேரம் கழித்துப் புதுப்பிக்கக் கேட்டபோது, நிஜ சர்வரின் பதில் நம்பாத போர்ட் வழியாக வந்ததால் விழுந்தது. எட்டு மணி நேரக் குத்தகை ஒவ்வொன்றாக முடிய முடிய, கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாங்களே போட்டுக்கொண்டன. சர்வர் கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. சாயங்காலம் போன் வந்தபோது காலையில் செய்த வேலை எனக்கு நினைவில்கூட இல்லை. இப்போதெல்லாம் முடித்ததும் `show ip dhcp snooping` அடித்து, டிரஸ்டட் பட்டியலில் அப்லிங்க் இருக்கிறதா, அது மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே எழுகிறேன். சுவர்த் துளைக்குப் போகும் ஒரு போர்ட் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டாலும் காவல் அங்கே ஓட்டை.

இதன் கை எட்டாத இடமும் உண்டு. மேசைக்கடியில் நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வைத்த சாதா ஐந்து துளை ஸ்விட்ச் இருந்தால், அதில் மாட்டிய போலி ரவுட்டரும் கணினிகளும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு நம் ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டியதே இல்லை. தன் முகவரியைக் கையால் தட்டி வைத்துக்கொள்பவரையும் ஸ்நூப்பிங் மட்டும் தடுக்காது. அவர் யாரிடமும் சாவி கேட்கவே இல்லையே.

சில மாதம் கழித்து ஸ்விட்சின் பதிவேட்டில் `DHCP_SNOOPING_UNTRUSTED_PORT` என்று ஒரு வரி வந்தது. கூடவே `DHCPOFFER`, ஒரு மேக் முகவரி. மறுபடி யாரோ ரவுட்டர் மாட்டியிருக்கிறார்கள். இந்த முறை மாடியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு போன்தான் வந்தது: "அண்ணா, நான் கொண்டுவந்த ரவுட்டர்ல நெட் வரல."